எழுதாத ஐந்து

கீழே இருக்கும் பலகையைப் பாருங்கள். மொத்தம் 25 கட்டங்கள். அவற்றில் 11 கட்டங்களில் எண் இருக்கிறது, மீதி 14 காலி. இருக்கும் எண்களெல்லாம் 1, 2, 3, 4 ஆகிய நான்குதான். 5 என்ற எண் எங்கேயும் இல்லை.

```
     1  2  3  4  5
க    .  3  2  .  4
ச    .  1  4  .  .
ட    .  .  .  1  2
த    1  .  .  3  .
ப    .  2  3  .  .
```

ஆனால் இந்தப் புதிரை முடிக்கும்போது பலகையில் ஐந்து கட்டங்களில் 5 இருக்கும். அது ஊகம் அல்ல. அங்கே 5 தவிர வேறு எதுவும் வர முடியாது என்று ஒவ்வொரு படியாகக் காட்டிவிடலாம். யாரும் எழுதிக் கொடுக்காத ஓர் எண்ணை வெற்றிடத்திலிருந்து எடுப்பதுதான் ஃபில்லோமினோ என்ற இந்தப் புதிரின் உயிர். அந்த 5 எப்படி வருகிறது என்பதைப் பார்ப்பதற்காகவே இந்தப் பலகையை எடுத்துக்கொண்டேன்.

வரப்பை எண்ணே போடும்

ஃபில்லோமினோ ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் பிரபலமாக்கிய புதிர். 1980இல் மாகி காஜி தன் நண்பர்களோடு தொடங்கிய புதிர் இதழ்தான் நிக்கோலி. சுடோகுவுக்கு அந்தப் பெயர் வைத்ததும், அதை ஜப்பானில் பரவச் செய்ததும் இவர்கள்தான். வாசகர்கள் தாங்களே புதிர் அமைத்து அனுப்ப, அவற்றைச் சீர்செய்து வெளியிடுவது அந்த இதழின் வழக்கம். ஃபில்லோமினோ என்ற பெயரின் முன்பாதி நிரப்புவதைக் குறிக்கிறது. பின்பாதி பாலியோமினோ என்ற சொல்லிலிருந்து வருகிறது. சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டிச் செய்யும் வடிவங்களுக்கு அமெரிக்கக் கணிதவியலாளர் சாலமன் கோலம்ப் 1953இல் வைத்த பெயர் அது. இரண்டு சதுரம் ஒட்டினால் டோமினோ. ஐந்து ஒட்டினால் பென்டோமினோ.

விதியை வயலை வைத்துச் சொல்வது எளிது. பலகை ஒரு வயல். அதைப் பாத்திகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாத்தியில் எத்தனை கட்டங்கள் இருக்கின்றனவோ, அந்த எண்ணையே அந்தப் பாத்தியின் எல்லாக் கட்டங்களிலும் எழுத வேண்டும். மூன்று கட்டப் பாத்தியில் மூன்று 3. ஒற்றைக் கட்டப் பாத்தியில் ஒரே ஒரு 1. பாத்தியின் கட்டங்கள் மேல், கீழ், இடம், வலம் என்று பக்கம் ஒட்டித்தான் சேர வேண்டும். மூலையோடு மூலை தொட்டால் அது சேர்க்கை ஆகாது.

இன்னொரு விதியும் உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு பாத்திகள் பக்கத்தோடு பக்கம் ஒட்டி இருக்கக் கூடாது. மூலைக்கு மூலை தொடலாம். யோசித்துப் பார்த்தால் இது தனி விதிகூட இல்லை. இரண்டு மூன்று கட்டப் பாத்திகள் ஒட்டிக்கொண்டால், எழுதியிருக்கும் 3கள் எல்லாம் ஆறு கட்டங்களாகத் தொடர்ந்து நிற்கும். நடுவில் வரப்பு எங்கே என்று யாருக்கும் தெரியாது. இந்தப் புதிரில் கோடு போட்டு எல்லை காட்டுவதில்லை. எண் மாறும் இடம்தான் வரப்பு.

இவ்வளவுதான் விதி. இதில் சொல்லாமல் விட்ட இரண்டு விஷயங்களில்தான் புதிதாக வருபவர்கள் இடறுவார்கள். கொடுத்திருக்கும் ஒவ்வோர் எண்ணும் தனிப் பாத்தி என்று எந்த விதியும் சொல்லவில்லை. தள்ளித்தள்ளி இருக்கும் இரண்டு 3கள் ஒரே பாத்தியைச் சேர்ந்தவையாக இருக்கலாம். அதேபோல, ஒவ்வொரு பாத்திக்கும் ஓர் எண்ணாவது கொடுத்திருப்பார்கள் என்றும் விதி இல்லை. ஓர் எண்கூட இல்லாத பாத்தி முழுசாக ஒளிந்திருக்கலாம். நான் முதன்முதலில் இந்தப் புதிரைப் போட்டபோது, இருக்கும் எண்களை மட்டும் வளர்த்துக்கொண்டே போனேன். கடைசியில் நாலைந்து கட்டங்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் மிஞ்சின. எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்தேன். தவறே இல்லை. மிஞ்சிய இடமே ஒரு பாத்தி.

வலப்பக்கத்தில் தொடங்குவோம்

பலகையின் வரிசைகளுக்கு க, ச, ட, த, ப என்று பெயர். இடமிருந்து வலமாக 1 முதல் 5 வரை எண்ணுகிறோம். முதல் வரிசையின் மூன்றாவது கட்டம் க3.

க3இல் 2 இருக்கிறது. அதற்கு இன்னும் ஒரு கட்டம் வேண்டும். இடப்பக்கம் 3, கீழே 4. இரண்டும் அடைபட்ட வழிகள். திறந்திருப்பது வலப்பக்கம் மட்டும். ஆகவே க4இல் 2. இந்தப் பாத்தி முடிந்தது.

இது நடந்தவுடன் மூலையில் க5இல் இருக்கும் 4க்கு இடப்பக்க வழி அடைபட்டது. அது வளர வேண்டுமானால் கீழே ச5க்குத்தான் போக வேண்டும். எனவே ச5இல் 4. அதற்குக் கீழே ட5இல் 2 நிற்கிறது. அதனால் 4 இன்னும் வளர ஒரே வழி ச4. அங்கே 4 எழுதியதும், ச3இல் முன்பே இருக்கும் 4உடன் சேர்ந்துவிட்டது. க5, ச5, ச4, ச3 என்று கட்டங்கள் சரியாக நான்கு. தள்ளித்தள்ளி இருந்த இரண்டு 4களும் ஒரே பாத்திதான் என்று இப்போது தெரிகிறது. நான்கும் நிரம்பியதால், இதைத் தொடும் வேறு எந்தக் கட்டத்திலும் இனி 4 வராது. இந்தச் சிறிய செய்தியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது ட5இல் இருக்கும் 2. மேலே 4, இடப்பக்கம் 1. கீழே த5 மட்டும் மிச்சம். அங்கே 2. இந்தப் பாத்தியும் முடிந்தது.

இடப்பக்க மேல்மூலையும் இதே போலத்தான். க2இல் 3 இருக்கிறது. வலப்பக்கம் 2, கீழே 1. இடப்பக்கம் க1க்குப் போயே ஆக வேண்டும். அங்கிருந்து மூன்றாவது கட்டத்துக்கு ச1 தவிர வேறு வழி இல்லை. க2, க1, ச1 மூன்றும் 3.

கீழ்மூலை ப1 கொஞ்சம் வேறு மாதிரி. அது காலிக் கட்டம். அதற்கு இரண்டே அண்டை வீடுகள்: மேலே 1, வலப்பக்கம் 2. ப1 தனியாக இருந்தால் அது 1. ஆனால் மேலே இருக்கும் 1உடன் ஒட்டிவிடும், அது கூடாது. ஆகவே யாருடனாவது சேர வேண்டும். சேர இருப்பது ப2இன் 2 மட்டும். ப1இல் 2. முன் எடுத்தவற்றில் எண் வழி தேடியது. இங்கே காலிக் கட்டம் தனக்கான பாத்தியைத் தேடியது. பெரிய பலகைகளில் இந்த இரண்டாவது பார்வைதான் அதிகம் கைகொடுக்கும்.

குறுக்காக நிற்கும் இரண்டு 3

த4இல் ஒரு 3, ப3இல் ஒரு 3. இரண்டும் மூலைக்கு மூலை தொடுகின்றன. த4க்கு மேலே 1, வலப்பக்கம் 2. அது வளர த3 அல்லது ப4 மட்டுமே உண்டு. ப3க்கு இடப்பக்கம் 2. அதற்கும் அதே த3, ப4 இரண்டும்தான். த4 எந்தப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாலும் அந்தக் கட்டம் ப3ஐத் தொடும். தொட்டால் ஒரே பாத்தி. ஆகவே இந்த இரண்டு 3களும் ஒரே பாத்தி என்பது உறுதி. நடுவில் பாலமாக வருவது த3ஆ ப4ஆ என்பதுதான் கேள்வி.

த3 என்று வைத்துப் பார்ப்போம். மூன்று கட்டங்களும் முடிந்துவிட்டன. அப்படியானால் கீழ்மூலையில் ப4, ப5 இரண்டு கட்டங்கள் தனியாக மாட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் 2. ஆனால் ப5க்கு மேலே த5இல் முடிந்துபோன 2 நிற்கிறது, ஒட்டக் கூடாது. இரண்டும் தனித்தனி என்றால் 1, 1 என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், அதுவும் கூடாது. வேறு வழி இல்லை. எனவே பாலம் ப4தான்.

ப4இல் 3 எழுதியதும் ப5 தனித்துவிட்டது. மேலே முடிந்த 2, இடப்பக்கம் முடிந்த 3. அது 1. யாரும் கொடுக்காத முதல் பாத்தி இது. ஒரே கட்டம்தான் என்றாலும், வெற்றிடத்திலிருந்து வந்த எண்.

நடுவில் ஒரு பள்ளம்

இப்போது பலகை இப்படி இருக்கிறது:

```
     1  2  3  4  5
க    3  3  2  2  4
ச    3  1  4  4  4
ட    .  .  .  1  2
த    1  .  .  3  2
ப    2  2  3  3  1
```

ஐந்து கட்டங்கள் மிச்சம்: ட1, ட2, ட3, த2, த3. சுற்றிலும் இருக்கும் எல்லாப் பாத்திகளும் நிரம்பிவிட்டன. இந்த ஐந்தும் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து கட்டம் இருக்கிறது, ஆகவே 5 என்று உடனே எழுதிவிடக் கூடாது. ஐந்தை நான்கும் ஒன்றுமாக, மூன்றும் இரண்டுமாக, இன்னும் சிறு துண்டுகளாகப் பிரிக்கலாம் அல்லவா? ஒவ்வொன்றையும் தள்ள வேண்டும்.

முதலில் ஒற்றைக் கட்டம் வருமா என்று பார்ப்போம். ட1க்குக் கீழே 1. ட2க்கு மேலே 1. ட3க்கு வலப்பக்கம் 1. த2க்கு இடப்பக்கம் 1. இந்த நான்கும் 1 ஆக முடியாது. த3 மட்டும் எந்த 1ஐயும் தொடவில்லை. அது 1 என்று வைத்துக்கொண்டால் மீதி நான்கு கட்டங்கள் ட2ஐ நடுவில் வைத்து மூன்று கைகளாக நிற்கும். ட1, ட3, த2 ஆகிய மூன்றும் ட2 வழியாகத்தான் ஒன்றையொன்று தொட முடியும். எந்தக் கையை வெட்டினாலும் அது தனித்து 1 ஆகிவிடும், அதுதான் கூடாதே. ஆகவே நான்கும் சேர்ந்து 4 ஆக வேண்டும். ஆனால் ட3க்கு மேலே ச3இல் 4 நிற்கிறது, அதுவும் நிரம்பிய 4. கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தச் செய்தி இங்கே வேலை செய்கிறது. த3இல் 1 வராது.

ஒற்றைக் கட்டம் எங்கும் இல்லை என்றானால் மிச்சம் இரண்டு வழிதான்: மூன்றும் இரண்டும், அல்லது முழு ஐந்து. ட1 ஓரத்தில் இருக்கிறது. அது சேரக்கூடியது ட2 மட்டும். ட1, ட2 இரண்டும் 2 என்றால் மற்ற ட3, த3, த2 மூன்றும் 3 ஆகும். ஆனால் த3க்கு வலப்பக்கமும் கீழும் நிரம்பிய 3 இருக்கிறது. சரி, ட1 மூன்று கட்டப் பாத்தியில் சேரட்டும் என்றால் அதற்கு மேலே ச1இல் நிரம்பிய 3. அந்த வழியும் அடைத்தது.

மிஞ்சியது ஒன்றே. ஐந்து கட்டங்களும் ஒரே பாத்தி. ஐந்திலும் 5.

```
     1  2  3  4  5
க    3  3  2  2  4
ச    3  1  4  4  4
ட    5  5  5  1  2
த    1  5  5  3  2
ப    2  2  3  3  1
```

இங்கே விடை தந்தது எண்கள் அல்ல. எண்கள் எவற்றையெல்லாம் அனுமதிக்கவில்லையோ அவைதான். சுற்றி நின்ற 1, 3, 4 ஒவ்வொன்றும் ஒரு வழியை மூடியது. எல்லா வழியும் மூடிய பிறகு திறந்திருந்த ஒரே வழியில் 5 நுழைந்தது. நான்கு கட்டம் சதுரமாக நிற்க, ஒரு கட்டம் மட்டும் பக்கத்தில் நீண்டிருக்கும் இந்த வடிவம், கோலம்ப் எண்ணிக் காட்டிய 12 பென்டோமினோக்களில் ஒன்று.

தவறு எங்கே தெரியும்

ஃபில்லோமினோவில் தவறு நடந்த இடத்திலேயே தெரிவதில்லை, நாலைந்து படி தள்ளித்தான் தெரியும். த3இல் 3 எழுதிய ஒருவருக்கு அந்தக் கணத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும்: மூன்று 3கள், ஒட்டிய பாத்தி. கோளாறு ப4, ப5இல் வந்து நிற்கும். ஆகவே ஒரு பாத்தியை முடித்தவுடன், முடித்த பாத்தியைப் பார்க்காமல் அது யாரை அடைத்துவிட்டது என்று பார்ப்பது நல்ல பழக்கம். அடைபட்ட காலியிடத்தில் ஒரே ஒரு கட்டம் இருந்து அது 1ஐத் தொட்டால், அல்லது இரண்டு கட்டம் இருந்து அவை நிரம்பிய 2ஐத் தொட்டால், முன்னால் எங்கோ பிழை இருக்கிறது. இந்த இரண்டு அடையாளங்களையும் தெரிந்து வைத்திருந்தால் பெரும்பாலான தவறுகள் பத்துக் கட்டம் பரவுவதற்குள் கண்ணில் பட்டுவிடும்.

இன்னொரு தவறு அவசரச் சேர்க்கை. இரண்டு 3களுக்கு நடுவே ஒரே ஒரு காலிக் கட்டம் இருந்தால் அதில் 3 எழுதிச் சேர்க்கக் கை துடிக்கும். இரண்டும் வேறு வேறு பாத்திகளாக இருக்கலாம். அப்போது அந்த நடுக்கட்டம் அவற்றைப் பிரிக்கும் வரப்பு, அதில் 3 மட்டும் வரவே கூடாது. குறிப்பாக ஒரு பக்கத்து 3 ஏற்கெனவே இரண்டு கட்டம் வளர்ந்து நிற்கிறது என்றால், நடுவில் 3 எழுதினால் நான்கு 3கள் தொடர்ந்துவிடும். சேர்ப்பதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு 1ஐ அழித்தால்

புதிர் அமைப்பவர் பலகையை முழுக்க நிரப்பிவிட்டு எண்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வரலாம். அல்லது காலிப் பலகையில் எண்களை வைத்துக்கொண்டே தானே தீர்த்துப் பார்த்து முன்னேறலாம். எப்படி அமைத்தாலும் ஒரு நிபந்தனை மாறாது: விடை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இந்தப் பலகையில் ச2இல் இருக்கும் 1ஐ அழித்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். பார்வைக்கு ஓர் எண் குறைந்ததுதான். ஆனால் இப்போது க1, க2, ச2 மூன்றும் 3 ஆகி, ச1இல் 1 வரலாம். அந்த 1க்கு மேலே 3, வலப்பக்கம் 3, கீழே 5. எந்த விதியும் உடையவில்லை. பழைய விடையும் சரி, புதிய விடையும் சரி. இரண்டு விடை வந்தால் அது புதிராக நிற்காது, ஏனென்றால் இறுதிப் படியைத் தர்க்கத்தால் எடுக்க வழியில்லை, ஒன்றைத் தேர்ந்துகொள்ளத்தான் முடியும். அந்த ஒற்றை 1 இடப்பக்க மூலை முழுவதையும் பூட்டி வைத்திருந்தது.

பெரிய பலகையில் இந்தக் கணக்கு விரைவாகக் கனக்கும். பத்துக்குப் பத்துப் பலகையில் 8, 9 போன்ற எண்கள் வரும். அவை எந்தப் பக்கம் வளைந்து போகும் என்பதற்கு ஏராளமான வழிகள். நிரப்பிய பலகை சரியா என்று சோதிப்பது எப்போதும் எளிது, எண்ணிப் பார்த்தால் போதும். ஆனால் எல்லா அளவுப் பலகைகளையும் வேகமாகத் தீர்த்துவிடும் பொது வழி எதுவும் கணினிக்கும் தெரியாது. அதனால்தான் பெரிய பலகையில் எண் எண்ணாகத் துரத்துவதைவிட, இடம் இடமாகப் பார்ப்பது மேல். 9 மாட்டியிருக்கும் மூலையில் அது தொடக்கூடிய காலிக் கட்டங்கள் அதையும் சேர்த்துச் சரியாக ஒன்பது என்றால் எல்லாமே அதற்குத்தான். எட்டுதான் என்றால் அந்த மூலைக்கு எங்கோ ஒரு வாசல் இருந்தாக வேண்டும், அதை முன்பே தவறாக மூடியிருக்கிறீர்கள்.

எந்த எண்ணும் நகராமல் நின்றுவிடும் நேரம் ஒவ்வொரு பலகையிலும் வரும். அப்போது எண்களை விட்டுவிட்டு, நிரம்பிய பாத்திகளால் சூழப்பட்ட காலிப் பள்ளத்தைத் தேடுங்கள். அதில் எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள். கரையில் எந்தெந்த எண் நிற்கிறது என்று பாருங்கள். கரையில் நிற்கும் எண் எதுவும் அதைத் தொடும் கட்டத்தில் வராது. மீதியைப் பள்ளமே சொல்லிவிடும். நம் பலகையின் நடுவில் ஐந்து கட்டங்கள் சொன்னது போல.